ஆயுள் நீண்டால் மன்னிக்கவும்

மதிப்பிற்குரிய தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தாருக்கு,

1995-ஆம் ஆண்டு பென்சன் திட்டத்தை அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆள் கற்பனை, கணக்கு நிஜம். 2015-இல் 25 வயதில் சேர்ந்தவர், 33 ஆண்டு உழைத்து 58-இல் ஓய்வு பெறுவார். 20 ஆண்டைத் தாண்டியதால் தாங்கள் அன்பளிப்பாகத் தரும் 2 ஆண்டையும் சேர்த்தால் 35. சம்பள உச்சவரம்பு இதே 15,000 ரூபாயில் நின்றால், அதை 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, மாதம் 7,500.

முதல் சோதனை விலைவாசி. பெரம்பலூர் வயல்களில் விளையும் சின்ன வெங்காயமே 2019 கடைசியில் கிலோ நூறைத் தாண்டிய ஊர்ப்பக்கம் இது. அதனால் ஆண்டுக்கு 8 சதவீத ஏற்றம் என்று கொஞ்சம் கடுமையாகவே வைத்தார். 9 ஆண்டுக்கு ஒருமுறை பணத்தின் மதிப்பு பாதியாகும். ஓய்வு பெற்ற நாளின் விலையில் பார்த்தால், 67 வயதில் அந்த 7,500 வாங்குவது 3,750 ரூபாய்ச் சாமான், 76-இல் 1,875, 85-இல் ஆயிரத்துக்கும் கீழே. பென்சன் மட்டும் அதே 7,500. பக்கத்து வீட்டில் 2003-க்கு முன் வேலைக்குச் சேர்ந்த அரசுப் பள்ளி வாத்தியாருக்கு அகவிலைப்படி ஏறுகிறது. அமெரிக்காவில்கூட 1975 முதல் முதியோர் ஓய்வூதியம் விலைவாசியோடு தானாக உயர்கிறது. தங்கள் திட்டத்துக்கு விலைவாசி என்ற சொல்லே கேள்விப்படாத சொல்.

அடுத்தது நோய். 52 வயதில் தூசியால் நெஞ்சு அடைத்து வேலையை விடுகிறார் என்று வைப்போம். முழுதாக, நிரந்தரமாக முடங்கினார் என்று மருத்துவக் குழு சொன்னால் பிடித்தமில்லாத பென்சன் உண்டு. படியேறினால் மட்டும் மூச்சு வாங்கும் ஆளுக்கு அந்தச் சலுகை எங்கே? 27 ஆண்டுக் கணக்குதான், அன்பளிப்பு 2 ஆண்டு கிடையாது. 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு வேறு. கைக்கு வருவது நாலாயிரத்து ஐந்நூறைச் சுற்றி. அரைகுறையாக நோயுற்றது அவர் தப்புதான்.

நீண்ட ஆயுளில் மட்டும் திட்டம் தேறிவிடுகிறது: சாகும்வரை பென்சன் நிற்காது. சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. எத்தனை வருடம் வாழ்ந்தாலும் தொகை ஏறாததால், பெரியவர் வயதாக வயதாகத் தங்களுக்கு மலிவாகிக்கொண்டே போகிறார். 8.33 சதவீதச் சந்தாவில் விலைவாசிப்படி தர நிதி தாங்காது என்பீர்கள். நியாயம்தான், அந்தப் பாரத்தை இப்போது யார் தாங்குகிறார் என்பதையாவது பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கலாம். தெரிந்திருந்தால் வைப்பு நிதியில் வந்த மொத்தப் பணத்தை 58-இலேயே மாடி எடுக்கவும் மகள் கல்யாணத்துக்கும் கொட்டாமல், ஒரு பங்கை 70-க்குப் பிறகு என்று ஒதுக்கியிருப்பார்.

இன்னொரு விவரம். அவர் 85-இல் போனால் மனைவிக்குப் பாதி, 3,750. ஓய்வு பெற்ற நாளின் விலையில் அது 470 ரூபாய். அந்த அம்மா 95 வரை இருப்பதாக உத்தேசம். அதற்கு அனுமதி உண்டா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அவருடைய கணக்கைச் சரிபார்த்தவர்