நூற்றைம்பது எழுத்துக்குள் ஒரு தையல்கடை

அண்ணி ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, இன்ஸ்டாகிராமில் கணக்கும் திறந்தார். கடைக்குப் போர்டு வேண்டாம், வாடகை வேண்டாம். பெயருக்குக் கீழே நாலு வரி அறிமுகம் போதும். அதில் அண்ணி எழுதியிருந்தது: "உங்கள் கனவுகளைத் தைக்கிறோம்."

கனவுக்கு லைனிங் எத்தனை மீட்டர் என்று யாரும் கேட்கவில்லை. பேன்ட் இடுப்பைப் பிடிப்பீர்களா, தலையணை உறை தைப்பீர்களா, ஸ்கூல் பையில் ஜிப் மாற்றுவீர்களா என்றுதான் கேட்டார்கள். அண்ணி தைப்பது பிளவுஸ் மட்டும். அதை எங்கேயும் சொல்லவில்லையே!

சரி, நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். இன்ஸ்டாகிராம் அறிமுகத்துக்குக் கொடுக்கும் இடம் 150 எழுத்து. தமிழில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். நாம் மூன்று எழுத்து என்று நினைக்கிற 'நாட்டு' அங்கே ஐந்து... இல்லை, ஆறு. அதனால் ஊரையும் தொழிலையும் பெயர்க் கட்டத்துக்கு அனுப்பினேன்: 'ஸ்ரீரங்கம் பிளவுஸ் தையல்'. தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படுவதும் அந்தக் கட்டம்தான். கதவு எண் மட்டும் கூடாது. வீட்டில் இருக்கிற பெண்மணி, ஊருக்கெல்லாம் வாசலைக் காட்டுவானேன்?

பெரிய வழக்கு, 'ஏழு நாளில் தைத்துத் தருவோம்' என்பதில். எந்த நாளிலிருந்து ஏழு? மெசேஜ் போட்ட நாளிலிருந்து என்பது வாடிக்கையாளர் கட்சி. ஒரு அம்மா திங்களன்று மெசேஜ் போட்டு, வியாழனன்று துணி கொடுத்து, அளவு ஜாக்கெட்டைச் சனிக்கிழமை அனுப்பிவிட்டு, அடுத்த திங்கள் வந்து நின்றார். அன்றுதான் லைனிங் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால், முதல் சலவையில் உள்துணி சுருங்கி மேல்துணி கொசகொசவென்று நிற்கும். அப்போது திட்டு வாங்குவது டெய்லர்தான். ஆரி வேலை என்றால் கேட்கவே வேண்டாம். துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டி ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோக்க வேண்டும்.

கடைசியில் இப்படி நின்றது:

"லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட், ஆரி
துணி, லைனிங், அளவு ஜாக்கெட் கைக்கு வந்தபின் 7 நாள்; ஆரி 20 நாள்
வாட்ஸ்அப் மட்டும், 10–6"

அதற்குக் கீழே லிங்க். வெறும் நம்பரை எழுதினால் அதை மனப்பாடம் செய்துதான் டயல் செய்ய வேண்டும். `wa.me/` என்று போட்டு, நடுவில் கூட்டல் குறியோ இடைவெளியோ இல்லாமல் 91-உடன் நம்பரைச் சேர்த்தால், தொட்டதும் உரையாடல் திறக்கும்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு மட்டும் 7 நாளை 15 ஆக்கச் சொன்னேன். "மார்கழியில சும்மாதானே இருக்கேன், அப்போ மூணுன்னு போடலாமா?" என்றார் அண்ணி. அன்று இரவு பதினொரு மணிக்கு ஒரு வீடியோ கால். எடுத்தால், "வாட்ஸ்அப் மட்டும்னு போட்டிருந்தீங்களே, அதான் வாட்ஸ்அப்லயே கூப்பிட்டேன். பேன்ட் இடுப்பு பிடிப்பீங்களா?"