பாகம் மூன்று எங்கே சார்?

பாட வீடியோ ஏற்றுபவர்களும் அவற்றைத் தேடி அலைபவர்களும் கேட்டவை

கேள்வி: என் வீடியோவின் தலைப்பு "அன்பு மாணவச் செல்வங்களே! கணக்குப் பாடம், பாகம் 3". பாடம் நன்றாக இருக்கிறது என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். ஆனாலும் மாணவர்கள் யாரும் வரவில்லையே, ஏன்?
*கணித ஆசிரியர், அறந்தாங்கி*

மனைவி சொன்னால் பாடம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்குத் தேர்வு என்ற நிலையில் இரவு பத்து மணிக்கு யூடியூபைத் திறக்கும் பையன் தேடல் பெட்டியில் "அன்பு" என்று அடிக்க மாட்டான். "பாகம் 3" என்றும் அடிக்க மாட்டான். எதன் மூன்றாம் பாகம் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அவன் கையில் இருப்பது பாடப்புத்தகம். அதில் அச்சாகியிருக்கும் சொற்களைத்தான் அவன் தேடுவான். உங்கள் வீடியோவைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக்கோணம் நடத்தியிருக்கிறீர்கள், பயிற்சி 6.2-இன் முதல் மூன்று கணக்குகள். தலைப்பில் இதில் ஒரு சொல்கூட இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

```
ஏற்றக்கோணம், பயிற்சி 6.2, கணக்கு 1–3 | 10ஆம் வகுப்பு கணிதம் | 10th Maths Ex 6.2
```

செல்வங்கள் மேல் உள்ள அன்பை வீடியோவின் முதல் பத்து நொடிக்குள் காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பெயர், பிறகு வகுப்பு, பாடம், அலகு, கடைசியாகத் தலைப்பு. பெரியதிலிருந்து சிறியதுக்குப் போவதுதானே முறை? நீங்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களே!
*தலைமை ஆசிரியர், திருச்செங்கோடு*

கோப்பில் எழுதும்போது அதுதான் முறை. கைபேசியில் பாதித் தலைப்பு வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக முடிந்துவிடும். உங்கள் சேனலைத் திறந்து பார்த்தால் ஒரே பள்ளிப் பெயர் வரிசையாக இருபது தடவை நிற்கிறது. எது எந்தப் பாடம் என்பது அந்த மூன்று புள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அடுக்களையில் உள்ள எல்லா டப்பாவிலும் "சமையலறை" என்று எழுதி ஒட்டி வைத்தது மாதிரி.

இந்த வீடியோவுக்கும் அடுத்த வீடியோவுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் முன்னால் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவானது பின்னால் போகலாம். ஏற்றக்கோணம், பயிற்சி எண், கணக்கு எண் ஆகிய மூன்றும் வீடியோவுக்கு வீடியோ மாறும். வகுப்பும் பாடமும் மாறாது. பள்ளிப் பெயரோ சேனலின் பெயராகவே வீடியோவின் கீழே வந்துவிடுகிறது. தலைப்பில் அதற்கு இன்னொரு நாற்காலி எதற்கு?

கேள்வி: பயிற்சி எண் போட்டால் போதாதா? "ஏற்றக்கோணம்" என்று வேறு நீட்ட வேண்டுமா?
*டியூஷன் ஆசிரியை, கோவில்பட்டி*

எண் மட்டும் போட்டால் இன்று வேலை நடக்கும். புத்தகம் மாறினால் கவிழ்ந்துவிடும். தமிழ்நாட்டில் இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகம் 2019-இல் வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்துக்குப் போட்ட வீடியோக்கள் இன்றும் தேடலில் வந்து நிற்கின்றன. எண்ணை நம்பி உள்ளே போன பிள்ளை பத்து நிமிடம் பார்த்த பிறகுதான் இது வேறு கணக்கு என்று கண்டுபிடிக்கிறான். சிபிஎஸ்இ புத்தகத்தின் எண்கள் வேறு வரிசையில் ஓடுகின்றன.

எந்தப் புத்தகத்திலும் ஏற்றக்கோணம் ஏற்றக்கோணம்தான். அவசரத்தில் இருப்பவனுக்கு எண், மற்ற எல்லோருக்கும் பாடுபொருளின் பெயர். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்று: தலைப்பில் "புதிய பாடத்திட்டம்" என்று எழுதாதீர்கள். ஏற்றிய வீடியோ அங்கேயே கிடக்கும், புதியது பழையதாகிவிடும். எந்த ஆண்டுப் புத்தகம் என்பதை விவரத்தில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் யாரும் தமிழில் டைப் செய்து தேடுவதில்லை அங்கிள். அப்புறம் எதற்குத் தமிழ்த் தலைப்பு?
*பத்தாம் வகுப்பு மாணவி, அரியலூர்*

உண்மையைச் சொன்னதற்கு நன்றி, கண்ணு. "10th maths 6.2 tamil medium" என்றுதான் பாதிப் பேர் அடிக்கிறீர்கள் என்று தெரிந்தே மேலே அந்த ஆங்கில வாலை ஒட்டினேன். ஆனால் தேடும்போது ஆங்கிலத்தில் அடிப்பவரும், பட்டியல் வந்த பிறகு தமிழில் "ஏற்றக்கோணம்" என்று பார்த்தால்தான் "இது நம்ம மீடியம்" என்று தொடுகிறார். தேடுவதற்கு அது, தொடுவதற்கு இது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாணவர்கள் என்ன சொற்களை அடித்து வருகிறார்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸ் பக்கத்தில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதில் `YouTube search` என்பதைத் தொட்டால் அவர்கள் அடித்த சொற்களே வரிசையாக வரும். எழுத்துப்பிழையோடும் வரும், மனம் தளராதீர்கள். அந்தச் சொற்களில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை அடுத்த தலைப்பில் சேருங்கள்.

கேள்வி: தலைப்புக்கு 100 எழுத்து இடம் உண்டு என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்து 70 எழுத்தில் எழுதினேன். அதிகமாகிவிட்டது என்கிறது. எனக்கு எண்ணத் தெரியாதா, அதற்குத் தெரியாதா?
*தமிழாசிரியர், கும்பகோணம்*

இருவருக்கும் தெரியும், இலக்கணம்தான் வேறு. "பயிற்சி" என்பது உங்களுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் அது தனித்தனி ஆளாகத் தலை எண்ணுகிறது. தொல்காப்பியரிடம் முறையிட்டுப் பயனில்லை. மேலே கொடுத்த ஏற்றக்கோணத் தலைப்பு அதன் கணக்கில் 79. அதுவே தாராளம்.

கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு கண்ணி வெடி: தலைப்பிலும் விவரத்திலும் `<`, `>` என்ற குறிகளை யூடியூப் ஏற்காது. அசமன்பாடு நடத்துபவர்கள் "விடச் சிறியது" என்று எழுத்தால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: விவரம் என்ற பெட்டியில் என்ன எழுதுவது? நான் "லைக், ஷேர், சப்ஸ்க்ரைப்" என்று மட்டும் எழுதுகிறேன்.
*அறிவியல் ஆசிரியர், பரமக்குடி*

அந்த மூன்றையும் கேட்காமலே செய்பவர்கள் செய்வார்கள். விவரத்தில் முதல் ஒன்றிரண்டு வரிதான் விரிக்காமலே தெரியும். அங்கே வகுப்பு, அலகு, பயிற்சி, எந்தப் புத்தகம் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். தலைப்பில் இடமில்லாமல் வெளியே நின்றவர்களுக்கெல்லாம் இங்கே இடம் உண்டு.

அதற்குக் கீழே நேரக் குறிப்பு. பாட வீடியோவுக்கு இதைவிட உபகாரம் எதுவும் இல்லை. இருபது நிமிட வீடியோவில் மூன்றாம் கணக்கு மட்டும் புரியாத பிள்ளை, விரலால் முன்னும் பின்னும் இழுத்து உங்கள் கரும்பலகையையே கிழித்துவிடுவான். நேரம் எழுதிவிட்டால் தொட்ட இடத்துக்கு நேராகப் போய்விடுவான்.

```
10ஆம் வகுப்பு கணிதம், தமிழ்நாடு பாடநூல் 2019,
அலகு 6 முக்கோணவியல், பயிற்சி 6.2, கணக்கு 1–3.
00:00 ஏற்றக்கோணம் என்றால் என்ன
03:40 படம் வரைவது எப்படி
07:15 கணக்கு 1
11:50 கணக்கு 2
16:05 கணக்கு 3
```

இதை எழுதினால் வீடியோவின் அடிக்கோடும் பகுதி பகுதியாகப் பிரிந்து பெயரோடு தெரியும். அதற்கு மூன்று நிபந்தனை: முதல் வரி `00:00` என்றே தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடியாவது ஓட வேண்டும். பலர் முதல் வரியை `00:05` என்று போட்டுவிட்டு, ஏன் பிரியவில்லை என்று செட்டிங்ஸ் முழுக்கத் துழாவுகிறார்கள்.

கடைசியில் முந்தைய பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் லிங்க். அவ்வளவுதான்.

கேள்வி: தம்ப்நெயிலில் நான் அதிர்ச்சியாக வாயைப் பிளந்து நிற்க வேண்டும் என்கிறான் என் மகன். செய்யட்டுமா?
*இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்*

வாயை மூடிக்கொள்ளுங்கள் சார். ஏற்றக்கோணத்தில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

படத்தில் வர வேண்டியது கணக்கின் படம்: ஒரு கோபுரம், தரையில் ஒரு புள்ளி, இரண்டையும் சேர்க்கும் சாய்கோடு, 30° என்ற எழுத்து, உயரத்துக்குப் பக்கத்தில் h. புத்தகத்தில் அதே படத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பையன் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வான். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "6.2". தலைப்பில் இருக்கும் மற்ற சொற்களை இங்கே திரும்ப எழுத வேண்டாம், அவை கீழேயே இருக்கின்றன.

ஓர் அலகு முழுவதற்கும் ஒரே பின்னணி நிறம் வைத்து, எண்ணையும் படத்தையும் மட்டும் மாற்றுங்கள். முக்கோணவியல் எல்லாம் பச்சை என்றால் பட்டியலில் உருட்டிக்கொண்டு போகும்போதே கண்ணில் படும்.

அளவு 1280 × 720 பிக்சல். கீழே வலது மூலையில் எதையும் எழுதாதீர்கள், வீடியோவின் நீளத்தைக் காட்டும் கறுப்புப் பட்டை அங்கேதான் உட்காரும். "பயிற்சி 6.2" என்று அந்த மூலையில் எழுதியவர்களின் படத்தில் "பயிற்சி 20:14" என்று தெரிவதைப் பார்த்திருக்கிறேன். செய்து முடித்ததும் கைபேசியில் பெருவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எண் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள். இடம் தானாக வரும்.

சொந்தப் படம் போடும் பொத்தானே காணவில்லை என்பவர்கள் முதலில் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டேக் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் முப்பது சொல் திணிக்கிறேன். பலன் உண்டா?
*கணினி ஆசிரியர், விருதுநகர்*

விரலுக்குப் பயிற்சி. டேக்குக்குத் தேடலில் மிகச் சிறிய பங்குதான் என்று யூடியூபே சொல்கிறது. மக்கள் வழக்கமாகப் பிழையாக அடிக்கும் சொல் ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள், போதும்.

கேள்வி: பொதுமுடக்கக் காலத்தில் ஏற்றிய நாற்பது வீடியோவுக்கும் தலைப்பு VID_2020 என்றுதான் தொடங்குகிறது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றட்டுமா?
*சமூக அறிவியல் ஆசிரியை, திண்டிவனம்*

ஐயோ, வேண்டாம். கைபேசி வைத்த கோப்புப் பெயரையே தலைப்பாக விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். தலைப்பு, விவரம், தம்ப்நெயில் மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லிங்க் மாறாது. வாட்ஸ்அப் குழுவில் அன்று அனுப்பிய லிங்க் அப்படியே வேலை செய்யும். அழித்தால்தான் அது செத்துப்போகும்.

நாற்பதையும் ஒரே நாளில் செய்ய உட்காராதீர்கள். காலாண்டுத் தேர்வுக்கு வரும் பாடங்களை முதலில் மாற்றுங்கள். மாற்றும்போதே அலகுவாரியாகப் பிளேலிஸ்ட்டில் போட்டு, புத்தக வரிசையில் அடுக்கிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். தலைப்பு அருமை, படம் அருமை, நேரக் குறிப்பும் போட்டாயிற்று. தேடினால் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது!
*வேதியியல் ஆசிரியர், கரூர்*

உங்கள் லிங்க்கைத் திறந்து பார்த்தேன். வீடியோ `Unlisted` என்ற நிலையில் இருக்கிறது. லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது. `Public` என்று மாற்றுங்கள் சார்.