அட்டை காட்டு, படம் பார்

தெமட்டகொடை மாடிவீடுகளில் 4கே டிஸ்க் பிளேயர் வாங்குவோரை மனமாரப் பாராட்டுகிறேன். காசு கொடுத்து அசல் டிஸ்க் வாங்கியவரை முதலில் சந்தேகிப்பதுதானே முறை? ஆகவே பிளேயர், முழுப் படம் தருமுன் டிவியிடம் அடையாள அட்டை கேட்கும். அட்டையின் பெயர் எச்டிசிபி 2.2.

டிவியின் பின்னால் நாலு எச்டிஎம்ஐ துளை இருக்கலாம். பழைய 4கே டிவி சிலவற்றில் ஒன்றுக்குத்தான் அட்டை உண்டு. சிலவற்றில் ஒன்றுக்கும் இல்லை. தவறான துளையில் செருகினால் படம் 1080க்கு இறங்கும், அல்லது திரை கறுக்கும். நடுவில் பழைய சவுண்ட்பார் நின்றால் அதுவும் அட்டை காட்ட வேண்டும். என்ன ஒழுக்கம்!

சரியான துளை கிடைத்ததும் துள்ளாதீர்கள். பல டிவிகளில் அந்தத் துளைக்கான உயர்தர சிக்னலை மெனுவுக்குள் போய் நீங்களே திறந்துவிட வேண்டும். இல்லையேல் எச்டிஆர் நிறங்கள் வராது. கேபிள் 18 ஜிகாபிட் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் படம் மின்னி மின்னி மறையும்.

இத்தனை விசாரணையும் திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான். பக்கத்து வீட்டுத் தம்பி அதே படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து செருகினார். உடனே ஓடியது. பாவம், அவரை ஒரு துளைகூட மதித்து விசாரிக்கவில்லை.