தீம் ரெடி, பேட்டி எங்கே?

ஆய்வுக் கருத்தரங்கில் தவறாமல் ஒரு அட்டவணை வரும். நீலத் தலைப்பு, மூன்று பத்தி: தீம், கோட், மேற்கோள். ஊர் ஊராகப் போய் எடுத்த பேட்டிகளையெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் நல்லடக்கம் செய்திருப்பார்கள். மேலே கல்வெட்டு மாதிரி ஒரு வரி: ‘தீம்கள் தரவிலிருந்து தாமாகவே வெளிப்பட்டன.’ மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் பாருங்கள், அப்படி.

இந்த முறைக்கு எல்லோரும் சான்று காட்டுவது விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையை. தீம் தானாக முளைப்பதில்லை, ஆய்வாளர்தான் தேர்ந்தெடுத்து உருவாக்குகிறார் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. பெயரைப் போட்டவர் ஏராளம். படித்தவர் யார் என்று கேட்டால் அரங்கில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் வருகைப் பதிவுக்கு என்.எம்.எம்.எஸ். செயலி கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில் நாளுக்கு இரண்டு தடவை படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்றானது. இதைப் பற்றி ஒரு அம்மா ஆய்வு மாணவரிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘காலைல போட்டோ ஏறுச்சு. மத்தியானம் ஏறலையாம். அன்னைக்கு கூலி இல்லைன்னுட்டாங்க. கேட்டா, செல்லுல உன் மூஞ்சியே இல்லையேங்கிறாங்க. (சிரிக்கிறார்) மண்ணு வெட்டுனது கையா, மூஞ்சியா தம்பி?’

தம்பி என்ன செய்கிறார்? முதலில் பிரதியைச் ‘சுத்தம்’ செய்கிறார். சிரிப்பு போகிறது, தம்பி போகிறது, கடைசிக் கேள்வியும் போகிறது. மிச்சம், ‘மத்தியானம் போட்டோ ஏறலை.’ கோட்: இணைய வசதிக் குறைபாடு. தீம்: தொழில்நுட்பச் சவால்கள். கூலியை மறுத்தவர் எங்கே? அட்டவணையில் அவருக்குக் கட்டம் இல்லை. சவால் என்று எழுதிவிட்டால் குற்றவாளி தேவைப்படாது, இயற்கைச் சீற்றம் போல அதுபாட்டுக்கு வந்துவிட்டுப் போகும்.

அந்தத் தீம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேள்வித்தாளின் நான்காவது கேள்வி: ‘நீங்கள் சந்திக்கும் தொழில்நுட்பச் சவால்கள் என்ன?’ கேள்வியைக் கொண்டுபோய் ஊரில் நட்டுவிட்டு, திரும்பி வந்து அதையே அறுவடை செய்து, கண்டுபிடிப்பு என்கிறார்கள். பேட்டிக்குப் போகுமுன்பே எழுதியிருக்கக்கூடிய தலைப்பு தீம் ஆகாது, அது வெறும் பொருளடக்கம்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? எக்ஸெலில் முதல் பத்தி பேட்டி எண், அடுத்தது வரி எண். இவை இருந்தால்தான் நறுக்கிய துண்டிலிருந்து முழுப் பேச்சுக்குத் திரும்பிப் போக முடியும். அதோடு எட்டு மேற்கோளில் ஆறு ஒரே வாயாடிப் பெரியம்மாவுடையது என்ற ரகசியமும் வெளியே வரும். (அதனால்தான் பல அட்டவணைகளில் இந்தப் பத்திகளைக் காணோம்.) மூன்றாவது பத்தியில் பேச்சு, சிரிப்போடு. நான்காவதில் கோட், நடந்ததை நடந்தபடி சொல்வதாக: ‘செய்த வேலைக்குக் கூலி மறுப்பு’, ‘ஆளைவிடப் படத்தை நம்புதல்’, ‘கேட்டதற்கு ஏளனம்’. ஒரே பேச்சுக்கு மூன்று கோட் விழுந்தால் விழட்டும். எல்லாப் பேட்டியையும் இப்படி முடித்த பிறகு, ஒன்றோடொன்று சேரும் கோட்களை அடுக்கிப் பார்த்து, தீம் ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும்: ‘படம் மட்டுமே சாட்சி என்றான பின், உழைத்தவரின் சொல் செல்லாக்காசாகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம். ‘படம் ஏறாத அன்றும் எங்கள் பொறுப்பாளர் கூலி வாங்கித் தந்தார்’ என்று வேறொருவர் சொல்லியிருந்தால் அதையும் அட்டவணையில் வைத்து, ஏன் அங்கே மட்டும் அப்படி என்று கேட்கலாம். ‘தொழில்நுட்பச் சவால்கள்’ என்பதை யார் மறுப்பது? அதில்தான் ஒன்றுமே இல்லையே!

இதற்கெல்லாம் நேரம் ஏது, நாளை மறுநாள் பிரசன்டேஷன். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் கோட் செய்து, காப்பா 0.86 என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இருவரும் ஒரே கைடின் மாணவர்கள், ஒரே கோட் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள். இருவருக்கும் அந்த அம்மாவின் கேள்வி ஒன்றுபோலக் காதில் விழவில்லை என்பதைத்தான் அந்த எண் நிரூபிக்கிறது. பேராசிரியர்கள் தலையாட்டுகிறார்கள். எண் வந்துவிட்டால் அறிவியல் வந்துவிட்டது!

கடைசி ஸ்லைடு, பரிந்துரைகள். ‘கிராமப்புறப் பெண் தொழிலாளர்களுக்குச் செயலிப் பயன்பாட்டுப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.’ அந்தச் செயலி அவர்கள் கையிலேயே இல்லை ஐயா. படம் எடுப்பது பணித்தளப் பொறுப்பாளர், செல்லும் அவருடையது. பிரதியை ஒருமுறை முழுசாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். கூலியை இழந்தவருக்கே பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் போய் நிற்கிறார்கள்.