மெமோவில் இருந்த தேதி

2001 ஆகஸ்டில் சட்ட உதவி மையத்தில் நான் எழுதிய முதல் வழக்குக் குறிப்பு நான்கு பக்கம். இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா 40,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். வாங்கியவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. அந்த அம்மா அழுதபடி சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினேன். வங்கியின் ரிட்டர்ன் மெமோ பாஸ்புக்குக்குள் மடித்து இருந்தது, பிரித்துப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து சீனியர்தான் பிரித்தார். மெமோ கிடைத்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பது அன்றைய சட்டம். கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா என் எதிரே உட்கார்ந்திருந்த அன்று கெடு மிச்சமிருந்தது. செக்கின் ஆயுள் அப்போது ஆறு மாதம், நோட்டீஸும் அதுவரை போகவில்லை. அதனால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்க முடிந்தது. ஆனாலும் அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை.

இன்று நோட்டீஸுக்கு 30 நாள், செக்குக்கு மூன்று மாதம். குறிப்பு ஒரே பக்கம்தான். பேச்சைக் கேட்டு முடித்ததும் தாள்களைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்புகிறேன். 'அவர் சொல்வது' ஒரு பக்கம், 'தாள் சொல்வது' இன்னொரு பக்கம். இரண்டும் எங்கே ஒட்டவில்லையோ அங்கேதான் கேள்வி கேட்கிறேன்.

அண்மையில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் ஏப்ரல் 2 அன்று வந்தார். 60,000 ரூபாய்க்கான செக்கில் மார்ச் 5 என்று தேதி. மெமோ மார்ச் 11 அன்று கைக்கு வந்தது. குறிப்பின் முதல் வரியாக எழுதினேன்: நோட்டீஸுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 10.

வங்கிக் கணக்குத் தாளில் பிப்ரவரி 20 அன்று செக் கொடுத்தவரிடமிருந்து 10,000 வரவு இருந்தது. செக்கை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஜனவரியிலேயே, பின்தேதி போட்டு வாங்கினாராம். அப்படியானால் வங்கியில் போட்ட அன்று பாக்கி 50,000தான். செக் கொடுத்த பின் ஒரு பகுதி பணம் வந்திருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போடுவது குற்ற வழக்காக நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது.

"அதை எழுதணுமா சார்? கேஸ் போயிடாதா?"

"எழுதணும்மா. அவங்க வக்கீல் இந்தத் தாளை நிச்சயம் கொண்டுவருவார். நம்ம வக்கீலுக்கு அதுக்கு முன்னாடியே தெரியணும்."

எழுதினேன்: 'பாதகம்: 10,000 வரவு, கணக்குத் தாள் பக்கம் 3. செக் ஜூன் முதல் வாரம் வரை செல்லும். நோட்டீஸ் இன்னும் போகவில்லை. வரவைச் செக்கில் குறித்து மீதி 50,000க்கு மறுபடி போடலாமா? முடிவு வக்கீலுடையது.' பக்கத்தில் இரண்டு விரல் அகலம் மிச்சமிருந்தது. அதில் தையல் கடைக்காரருடைய போன் நம்பரையும், மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் எடுப்பார் என்பதையும் எழுதினேன்.