மூன்று தொப்பியும் ஒரு வெயிலும்

எட்டு மாதப் பெண்ணை முதன்முதலாகப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போக முடிவுசெய்தோம். மே மாதம். மூன்றரைக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

மச்சான் கிரிக்கெட் தொப்பி வாங்கி வந்திருந்தான். முன்னால் மட்டும் விளிம்பு. மூக்குக்கு நிழல், காதுக்கும் பிடரிக்கும் முழு வெயில். ஓவர் முடிந்து களைத்துப்போன பந்துவீச்சாளர் மாதிரி பாப்பா எங்களைப் பார்த்தாள்.

அடுத்தது நான் தேடிப்பிடித்தது. சுற்றிலும் விறைப்பான அகல விளிம்பு. கடைப் பொம்மையின் தலையில் ஜோராகத்தான் இருந்தது. பொம்மை நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் பாப்பா தள்ளுவண்டியில் சாய்ந்ததும் பின்விளிம்பு மெத்தையில் முட்டியது. தொப்பி முன்னால் நகர்ந்து கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மூடிவிட்டது. “குழந்தை எங்கேங்க?” என்றாள் மனைவி.

மூன்றாவதுதான் உருப்படி. முன்னால் விளிம்பு, பின்னால் பிடரிவரை தொங்கும் துணி, பாலைவனச் சிப்பாய் போல. மெல்லிய துணி என்பதால் சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: தொங்கும் துணி பக்கவாட்டில் முன்விளிம்போடு சேர வேண்டும். இடைவெளி இருந்தால் அந்தச் சந்தில் வெயில் புகுந்து கன்னத்தைப் பதம் பார்க்கும்.

தாடைக்குக் கீழே நாடா இருந்தது. மாமியார் அதைப் பூ கட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டார். நாடா எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்று அவிழ்த்து, இழுத்தால் விட்டுவிடும் வெல்க்ரோ தைத்தோம். பாப்பாவும் அந்தத் தத்துவத்தை உடனே புரிந்துகொண்டாள். பதினோரு முறை இழுத்தாள்.

பிறகு சட்டைப் பிரச்சினை. “வெயிலுக்கு வெள்ளை மல்மல் ஜப்லாதான் மாப்பிள்ளை,” என்றார் மாமியார். நான் ஜப்லாவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். துணி வழியே விளக்கு மட்டுமல்ல, அதன் மேலிருந்த பல்லியும் தெரிந்தது. வெளிச்சம் இவ்வளவு தாராளமாக வந்தால் புற ஊதாக் கதிரும் தாராளமாக வரும். அலையில் நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர்நிற முழுக்கைச் சட்டை ஒன்றைக் காட்டினேன். “குழந்தைக்கு வேர்க்காதா?” என்றார். நியாயமான கேள்வி. நெருக்க நெசவுதான், ஆனால் தொளதொளவென்று காற்று புகுகிற ஒரு பருத்திச் சட்டையில் சமாதானம் ஆனோம். திருஷ்டிப் பொட்டு மட்டும் அதற்குள் தொப்பியின் உள்பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.

நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. நீண்டால் தணிந்துவிட்டது என்று ஒரு கணக்கு உண்டு. கடற்கரையில் இறங்கியபோது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. என் நிழல் பனைமரம் மாதிரி கடலைப் பார்த்து நீண்டு கிடந்தது. பாலைவனச் சிப்பாயை இடுப்பில் வைத்து நின்றேன்.

சுண்டல் பையன் அவளையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தான். “மழை வருமா சார்?”