அண்ணாச்சி கையுறை மாட்டுகிறார்

மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைப் பசித்தவர்களிடம் கொண்டு சேர்க்கும் குழு எந்த ஊரில் இருந்தாலும் அதில் ஒரு சேவை அண்ணாச்சி இருப்பார். தென்காசி, குற்றாலம் பக்கத்து அண்ணாச்சிக்குக் கூடுதலாக ஒரு லட்சணம் உண்டு. சீசன் தொடங்கிவிட்டால் ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடுதான் சேவைக்கு வருவார். நெற்றி நிறைய விபூதி, தோளில் ஈரத்துண்டு, உடம்பில் பாதி தைலம். அந்தக் கோலத்தில் சாம்பார் வாளியை நோக்கி நடந்து வருபவரிடம், "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க அண்ணாச்சி" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

"ஏன் வே, மூலிகைத் தண்ணியில குளிச்சிட்டு வாரவனுக்குக் குழாய்த் தண்ணியில கை கழுவச் சொல்லுதியா?" என்பார்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பத்து நிமிட வீடியோ ஒன்று எடுக்கலாம் என்ற யோசனை இப்படிப்பட்ட ஒருவரால்தான் வந்தது. ஆடி மாதம் அதற்குத் தோது. அருவிக்கரையில் நிற்க இடமில்லாத கூட்டம் இருக்கும், ஆனால் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். கோயில் கொடைகளிலும், சங்கரன்கோவில் ஆடித் தபசு அன்னதானத்திலும் மிஞ்சுவதைத் தவிர எங்களுக்குப் பெரிதாக வேலை இராது. வசனம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாச்சி பக்கத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் காட்சியில் வடலூர் வந்தது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, அந்த வழியில் வந்தவர்கள் நாம் என்று கண் கலங்கச் சொன்னார். அடுப்பு அணையாதது உண்மைதான். ஆனால் அங்கே அடுப்பிலிருந்து இறக்கியதும் இலைக்குப் போகிறது. நமக்கு வருவதோ அடுத்தவர் அடுப்பில் எப்போதோ இறக்கியது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1967-இல் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கியபோது, அது கிடங்கை நம்பித்தான் நடந்தது. டப்பா காத்திருக்கும், சாம்பார் காத்திருக்காது. கோயம்புத்தூரில் 2014-இல் 'நோ ஃபுட் வேஸ்ட்' தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களில் பழகிப்போன வேலை இந்தச் சாம்பார் வேலைதான். ஆகவே வீடியோவின் முதல் வசனம் கண்ணீராக இருக்கக் கூடாது, கடிகாரமாக இருக்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "அப்பம் நான் எப்பம் வாரேன்?" என்றார்.

அவருக்காகவே ஒரு காட்சி எழுதினேன். போன வைகாசியில் நடந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு மண்டபத்திலிருந்து போன். வரவேற்பு விருந்து முடிந்துவிட்டது, இருநூறு பேர் சாப்பிடச் சோறு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அண்ணாச்சி முதல் ஆளாகப் போய் நின்று அண்டாவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். "பூ மாதிரி இருக்கு, ஏத்து வண்டியில" என்றார்.

மோந்து பார்த்துச் சொல்லும் வித்தை பாதிதான் பலிக்கும். புளித்த சாம்பாரை மூக்கு கண்டுபிடிக்கும். சோற்றில் மூக்கு ஏமாறும். அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வடித்த சோற்றைத் துணி விரித்து மலைபோலக் கொட்டி வைத்தால் மேல்புறம் ஆறிவிடும், நடுக்குவியல் மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். அந்தச் சூட்டில்தான் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. மணம் மாறாது, நிறம் மாறாது. திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டவர் வீட்டுக்குப் போய் வாந்தி எடுக்கும்போதுதான் தெரியும்.

அதனால் வீடியோவில் வருகிற பிள்ளைகள் மோந்து பார்க்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். அதையும் சரியாகக் கேட்க வேண்டும். "எப்ப சமைச்சது?" என்று கேட்டால் எந்த சமையல் மாஸ்டரும் "இப்பந்தான்" என்றுதான் சொல்வார். அது அவருடைய தொழில் மானம். "அடுப்பை எப்ப அணைச்சீங்க? எத்தனை பந்தி ஓடுச்சு?" என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். அன்றைக்கு அப்படிக் கேட்டதில், வெள்ளைச் சோறு சாயங்காலம் ஐந்தரைக்கு வடித்தது, பிரிஞ்சி சாதம் கடைசிப் பந்திக்காக ஒன்பதரைக்கு இறக்கி மூடி வைத்தது என்று தெரிந்தது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பிரிஞ்சி அண்டாவின் நடுவில் இறக்கினோம். 68 டிகிரி காட்டியது. 60-க்கு மேல் இருந்தால் கிருமி பெருகாது. எனவே பிரிஞ்சி வண்டி ஏறியது. வெள்ளைச் சோறு ஐந்து மணி நேரம் வெளியில் கிடந்தது. சூடு 60-க்குக் கீழே இறங்கிய உணவை 2 மணி நேரத்துக்குள் ஒருவர் வயிற்றில் சேர்த்துவிட வேண்டும், 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது கணக்கு. தேங்காய்ச் சட்னியைக் கணக்குப் பார்க்கவே தேவையில்லை, அதை எடுப்பதே இல்லை. இலைக்குப் போய்த் திரும்பியதும், பந்தியில் கரண்டி புகுந்து கலங்கிய வாளியும் அப்படித்தான்.

இருநூறு பேர் சோறு எழுபது பேர் சோறாகச் சுருங்கியது. அண்ணாச்சி துடித்துப்போனார். "அன்னத்தைக் கொட்டுதது பாவம் வே!" என்றார். கெட்ட சோற்றை ஏழைக்குப் போடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் கேட்கவில்லை. வீடியோவில் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்: "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்க யோசிப்போம்னா, யாருக்கும் குடுக்கப்படாது." சொல்லும்போது அவருக்கே அது பிடித்துப்போய் நாலு டேக் வாங்கினார்.

அடுத்தது சுத்தம். இங்கே அண்ணாச்சி ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தார். அதே கையுறையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார், வேட்டி மடிப்பிலிருந்து செல்போனை எடுத்தார், பேசினார், பைக் சாவியை வாங்கினார், ஒரு வடையை எடுத்துப் பிட்டார், பிறகு சாதக் கரண்டியைப் பிடித்தார். நான் "கட்" சொல்லவில்லை. நடிக்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது. கையுறை போட்டவருக்குக் கையே மறந்துவிடும் என்பதற்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. வெறுங்கையாக இருந்தால் பிசுபிசுப்பாவது உறுத்தும், கழுவத் தோன்றும். அந்தக் காட்சியை அப்படியே வைத்து, அடியில் ஒரு வரி மட்டும் போட்டோம்: 'இத்தனை இடம் தொட்ட பிறகு கையுறையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும்.' மோதிரம், கைக்கயிறு வேண்டாம். தலையை மூட வேண்டும். ஈரத்துண்டு வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தவர் அது நின்ற பிறகும் இரண்டு நாள் சேவைப் பக்கம் வரக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் அண்ணாச்சிமார் மீறுவார்கள். உடம்பு சரியில்லாமலும் வந்து நின்றேன் என்பது அவர்களுக்குப் பதக்கம்.

பொட்டலம் கட்டுவதில் சச்சரவு இல்லை. ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. வாழையிலையும் பாக்குமட்டையும் நம் பக்கம் பஞ்சமில்லை. பொட்டலத்தின் மேல் என்ன சாதம், சைவமா அசைவமா, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். மிஞ்சிய உணவை வாங்கிக் கொடுப்பதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. யாரிடம் எடுத்தோம், எங்கே கொடுத்தோம் என்ற பதிவேடு அவசியம். அண்ணாச்சி வைத்திருக்கும் பதிவேட்டில் போட்டோக்கள் மட்டும்தான் இருக்கும்.

அந்தப் போட்டோதான் கடைசிக் காட்சியின் வில்லன். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியின் துணைக்கு வந்து இரண்டு நாளாகப் பாயில் படுத்திருக்கும் அம்மா, கையை நீட்டவே கூசுகிறவர். அண்ணாச்சி பொட்டலத்தை நீட்டுவார், ஆனால் விட மாட்டார். அவர் கையும் அந்த அம்மா கையும் ஒரே பொட்டலத்தைப் பிடித்திருக்க, "கொஞ்சம் இங்க பாருங்கம்மா" என்பார். படம் விழுந்த பிறகுதான் பிடி தளரும். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவரிடம், "நல்லாத்தானய்யா இருக்கேரு, வேலைக்குப் போகப்படாதா?" என்று அறிவுரையும் சேர்த்துப் பரிமாறினார். பெரியவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீடியோவில் நாங்கள் வைத்தது வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒரு மேசை போட்டு அடுக்கி வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்திருப்பவரிடம் நாமும் குனிந்துதான் கேட்க வேண்டும். "பிரிஞ்சி சாதம் இருக்கு, சாப்பிடுதீங்களா?" என்ற ஒரே கேள்விதான். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. "ராத்திரியே சாப்பிட்டுருங்க, காலையில வரைக்கும் வச்சுக்காதீங்க" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். நாளைப் பசிக்குப் பத்திரப்படுத்துவது பழகிய கைகள் அவை. குற்றாலத்துக் கடைத்தெருவில் கொடுத்தால் பக்கத்தில் நின்று குரங்கை விரட்ட வேண்டும், குரங்குக்கே கொடுத்துப் புண்ணியம் தேடக் கூடாது. இதை எழுதியபோது அண்ணாச்சி இருமினார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவரைக் குழுவிலிருந்து தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. மாவட்டத்தில் எந்த மண்டபத்துக்கு எவர் சமையல் என்பது அவருக்கு மனப்பாடம். மாஸ்டரை "மாப்ளே" என்று கூப்பிட்டு, அடுப்பணைத்த நேரத்தை நிமிஷ சுத்தமாகக் கறந்துவிடுவார். அவர் சத்தம் போனுக்கென்றே பிறந்த சத்தம். ஆகவே வீடியோவில் வேலைப் பங்கீடு சொல்லும் இடத்தில், சூடு பார்ப்பவர், கட்டுபவர், வண்டி ஓட்டுபவர், கொடுப்பவர் எல்லோருக்கும் முன்னால் 'போன் பொறுப்பாளர்' என்று ஒரு பதவியைப் போட்டு, அதற்கு ஒரு நாற்காலியும் காட்டினோம். நாற்காலி வீட்டில் இருக்கும். அண்டாவுக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு கிலோமீட்டர்.

ஆவணியில் இந்தப் பக்கம் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்தைக் கழுவும்போது போன் செய்யாதீர்கள். கடைசிப் பந்தி உட்காரும்போதே செய்யுங்கள், தொடாத அண்டாவை மூடியே வையுங்கள். எடுப்பவர் சத்தமாகத்தான் பேசுவார், பயப்பட வேண்டாம்.